போட்டோவில் வந்த வென்படம்: ஒவ்வொரு பகுதியின் எண்ணையும் பிடித்து மொத்தத்துக்கு வருவது எப்படி

சேலம் அஸ்தம்பட்டியில் மாலை நேரத்தில் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் கண மொழி பாடம் நடக்கும் மாதங்களில் என் போனுக்கு வட்டம் வட்டமாகப் போட்டோ வந்துகொண்டே இருக்கும். அவற்றில் ஒன்றை முழுக்க எடுத்துச் சொன்னால் மற்றதெல்லாம் அதிலேயே அடங்கிவிடும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

சனி, ஞாயிறு மட்டும் ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்து படிக்கும் ஒரு மாணவி அனுப்பிய படம் அது. அவள் ஊரில் வீடு வீடாகப் போய், காபி, மிளகு, ஆரஞ்சு இந்த மூன்றில் எதையெல்லாம் பயிரிடுகிறார்கள் என்று கேட்டு எழுதி, மூன்று வட்டம் போட்டு சார்ட் தாளில் வரைந்திருக்கிறாள். சார்ட் பள்ளிச் சுவரில் ஒட்டியாகிவிட்டது. கையில் இருந்தது ஒரு போட்டோ மட்டும். கூடவே ஒரு குரல் செய்தி: “சார், மூணு வட்டத்தையும் கூட்டினா 121 வருது. எங்க ஊர்ல மொத்தமே எழுபது, எழுபத்தஞ்சு வீடுதான் சார் இருக்கும்.”

அந்தச் சந்தேகம் அவளுக்கு வந்ததே பாதி வேலை முடிந்த மாதிரி.

படத்தில் என்ன இருந்தது

ஒரு செவ்வகம். அதற்குள் இடது மேலே காபி வட்டம், வலது மேலே மிளகு வட்டம், இரண்டுக்கும் கீழே நடுவில் ஆரஞ்சு வட்டம். வட்டங்களுக்கு வெளியே பெயரோடு சேர்த்து, காபி 60, மிளகு 36, ஆரஞ்சு 25 என்று சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதியிருந்தது. உள்ளே இருந்த எண்களெல்லாம் நீல மையில்.

உள்ளே தெளிவாகத் தெரிந்தவை நான்குதான். காபியில் மட்டும் 17. ஆரஞ்சில் மட்டும் 5. காபியும் மிளகும் சேரும் இடத்தில் 23. மூன்றும் சேரும் நடுப்பகுதியில், இடம் போதாமல் நெருக்கி எழுதிய 12.

மற்ற இடங்களில் சிக்கல். மிளகில் மட்டும் இருக்கும் இடத்தில் ஒற்றைக் கோடு ஒன்று, அதன் தலையில் இடது பக்கமாகச் சின்னக் கொக்கி. 1 என்றும் படிக்கலாம், 7 என்றும் படிக்கலாம். காபியும் ஆரஞ்சும் சேரும் இடத்தில் டியூப்லைட் வெளிச்சம் பட்டு ஒரு வெள்ளைப் பட்டை. அதன் வலது ஓரத்தில் மட்டும் இரண்டு வளைவு எட்டிப் பார்க்கிறது, 3 அல்லது 8. மிளகும் ஆரஞ்சும் சேரும் இடம் காலி. செவ்வகத்தின் வலது கீழ் மூலை போட்டோவிலேயே இல்லை, வெட்டுப்பட்டுவிட்டது.

முதல் வேலை: எண்ணைப் பார்க்காதே, இடத்தைப் பார்

பிள்ளைகள் படத்தைப் பார்த்ததும் கண்ணில் படும் எண்களை வரிசையாகக் கூட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் முதலில் எண்களை மறந்துவிடச் சொல்வேன். எத்தனை இடங்கள் இருக்க வேண்டும் என்பது எண் எதுவும் தெரியாமலே தெரியும். ஒவ்வொரு வட்டத்தையும் பார்த்து ‘உள்ளேயா, வெளியேயா’ என்று ஒரு கேள்வி. மூன்று வட்டத்துக்கு மூன்று கேள்வி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதில் என்றால் 2 × 2 × 2 = 8 இடங்கள். வட்டங்களுக்குள் ஏழு, எல்லா வட்டத்துக்கும் வெளியே செவ்வகத்துக்குள் ஒன்று.

ஒரு தாளில் இந்த எட்டையும் எழுதி, எதிரே எண்ணுக்கு இடம் விடுங்கள். எங்கள் படத்துக்கு அது இப்படி வந்தது:

```
காபி மட்டும்              17
மிளகு மட்டும்             1 அல்லது 7
ஆரஞ்சு மட்டும்            5
காபி + மிளகு மட்டும்      23
காபி + ஆரஞ்சு மட்டும்     3 அல்லது 8
மிளகு + ஆரஞ்சு மட்டும்    காலி
மூன்றும்                   12
எதுவும் இல்லை             படத்தில் இல்லை
```

சந்தேகமாக இருப்பதைச் சந்தேகமாகவே எழுதுங்கள். ‘7 மாதிரிதான் இருக்கு’ என்று இந்தக் கட்டத்தில் முடிவு செய்துவிட்டால், பிறகு எங்கே தவறு நுழைந்தது என்று தேடவே முடியாது.

கையால் வரைந்த படத்தில் வட்டம் சரியாக வராமல், நடுவில் ஒரு துண்டு விட்டுப்போவதும் உண்டு, தேவையில்லாத ஒரு கீற்று முளைப்பதும் உண்டு. இந்த இடம் எது என்று குழம்பினால், அந்த இடத்தில் விரலை வைத்து மூன்று கேள்வியையும் கேளுங்கள். இரண்டு துண்டுகளுக்கு மூன்று பதில்களும் ஒன்றாக வந்தால், அவை இரண்டும் ஒரே பகுதிதான்.

எது பகுதியின் எண், எது வட்டத்தின் எண்

121 எங்கிருந்து வந்தது? 60 + 36 + 25. இவை மூன்றும் வட்டத்தின் எண்கள். 60 என்பது காபி வைத்திருக்கும் எல்லா வீடுகளும், அவர்களிடம் வேறு என்ன இருந்தாலும் சரி. மூன்றையும் பயிரிடும் ஒரு வீடு 60-லும் இருக்கிறது, 36-லும் இருக்கிறது, 25-லும் இருக்கிறது. அதாவது கூட்டலில் அந்த ஒரு வீடு மூன்று வீடாகிவிட்டது. இரண்டு பயிர் வைத்திருப்பவர்கள் இரண்டு வீடாகிவிட்டார்கள்.

இந்தப் படத்தில் நிறம் காட்டிக்கொடுத்தது. சிவப்பு வட்டத்துக்கு, நீலம் பகுதிக்கு. நிறம் இல்லாத பென்சில் படத்தில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறதா, கோட்டைத் தொட்டபடி வெளியே இருக்கிறதா, n(A) = 60 என்பது போல எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இடம் பற்றாமல் வட்டத்தின் மொத்தத்தை வட்டத்துக்குள்ளேயே மேல் ஓரமாக எழுதிவிடுவார்கள். ஒரே பகுதிக்குள் இரண்டு எண்கள் கிடந்தால், பெரியது பெரும்பாலும் வட்டத்தின் மொத்தம்தான்.

இரண்டு வட்டம் சேரும் இடத்தில் ஒளிந்திருக்கும் குழப்பம்

இதற்குக் கொஞ்சம் அதிக நேரம் கொடுக்க வேண்டும். தவறு வந்தால் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது.

காபியும் மிளகும் சேரும் இடத்தில் 23 என்று இருக்கிறது. இது ‘காபியும் மிளகும் உண்டு, ஆரஞ்சு இல்லை’ என்ற 23 வீடுகளா? இல்லை ‘காபியும் மிளகும் உண்டு, ஆரஞ்சு இருந்தாலும் சரி’ என்பதா? சரியாக வரைந்த வென்படத்தில் முதல் அர்த்தம்தான். ஒரு பகுதிக்குள் எழுதிய எண் அந்தப் பகுதிக்கு மட்டுமே சொந்தம். ஆனால் காபியை A, மிளகை B என்று வைத்து, கேள்வியில் n(A∩B) = 35 என்று கொடுத்திருந்தால், பல பிள்ளைகள் அந்த 35-ஐ அப்படியே அந்த இலை வடிவ இடத்தில் எழுதிவிடுகிறார்கள். 35-இல் நடுப்பகுதியும் அடக்கம். நடுவில் இருக்கும் 12-ஐக் கழித்து 23 என்று எழுதியிருக்க வேண்டும்.

போட்டோவை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழி இருக்கிறது. வட்டத்தின் மொத்தம் எழுதியிருந்தால், அந்த வட்டத்துக்குள் இருக்கும் நான்கு எண்களையும் கூட்டுங்கள். இதே விவரத்தை வேறொரு பிள்ளை தவறாக வரைந்திருந்தால் காபி வட்டத்துக்குள் 17, 35, 20, 12 என்று இருந்திருக்கும். கூட்டினால் 84. வட்டத்தின் மேலே 60. அதிகமாக வந்திருப்பது 24, நடுவில் இருக்கும் 12-இன் சரியாக இரண்டு மடங்கு. இரண்டு இலைகளிலும் நடுப்பகுதி ஒவ்வொரு முறை கூடுதலாகச் சேர்ந்துவிட்டதால் வரும் இரண்டு மடங்கு இது. மிகுதி இப்படி இரண்டு மடங்காக வந்தால், இலைகளில் எழுதியது நடுப்பகுதியையும் சேர்த்த முழு வெட்டு என்று நம்பலாம். வேறு அளவில் வந்தால் எண்ணைப் படித்ததில் தவறு, அல்லது வரைந்தவரே கூட்டலில் தவறியிருக்கிறார்.

வட்டத்தின் மொத்தம் எழுதாத படத்தில் இந்த வழி கிடையாது. அப்போது நடு எண்ணோடு ஒப்பிடுங்கள். முழு வெட்டு என்றால் அதற்குள் நடுப்பகுதியும் இருப்பதால், அது நடு எண்ணைவிடக் குறையவே முடியாது. எங்கள் படத்தில் காபி, ஆரஞ்சு சேரும் இடத்தில் எட்டிப் பார்த்தது 3-ஓ 8-ஓ, இரண்டுமே 12-ஐவிடச் சிறியவை. ஆகவே அது ‘மட்டும்’ எண்தான் என்று உறுதி. ஒரே ஒரு இலையில் இப்படித் தெரிந்தாலும், அதே கை வரைந்த மற்ற இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மாறாக, மூன்று இலைகளிலும் நடுவைவிடப் பெரிய எண்கள் இருந்தால், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. வரைந்தவரிடம் கேட்க வேண்டியதுதான்.

ஓட்டைகளை நிரப்புவது

ஒரே ஒரு ஓட்டை இருக்கும் வட்டத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த வரிசையைப் பிடித்துவிட்டால் மற்றது தானாக வரும்.

மிளகு வட்டத்தில் ஒரு சந்தேகம், ஒரு காலியிடம். ஆரஞ்சு வட்டத்திலும் அப்படியே இரண்டு. காபி வட்டத்தில் மட்டும்தான் ஒரே ஒரு ஓட்டை. சரி, அங்கே போவோம். 17 + 23 + 12 = 52. வட்டத்தின் மொத்தம் 60. மிச்சம் 8. வெளிச்சத்தில் மறைந்தது 8.

இப்போது ஆரஞ்சில் ஓட்டை ஒன்றாகக் குறைந்துவிட்டது. 5 + 8 + 12 = 25. மொத்தமும் 25. ஆகவே மிளகும் ஆரஞ்சும் மட்டும் உள்ள இடம் 0. காலியாக விட்டதன் அர்த்தம் பூஜ்ஜியம்தான்.

கடைசியாக மிளகு. 23 + 12 + 0 = 35. மொத்தம் 36. மிச்சம் 1. கொக்கி வைத்த கோடு 7 அல்ல, 1.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். மூன்று வட்ட மொத்தங்களையும் மூன்று ஓட்டைகளை நிரப்பவே செலவழித்துவிட்டோம். அதனால் ‘வட்டத்துக்குள் கூட்டிப் பார்த்தேன், 60 சரியாக வருது’ என்று இனிச் சொல்வது சரிபார்ப்பு ஆகாது. 60 வரும்படிதானே 8-ஐப் போட்டோம்? நமக்கு மிஞ்சியிருப்பது படத்தில் தெரியும் அரைகுறை அடையாளங்கள்தான். கணக்கில் 8 வந்தது, ஓரத்தில் தெரிந்த இரண்டு வளைவும் 8-க்குப் பொருந்துகிறது. 0 வந்தது, இடம் காலியாக இருக்கிறது. 1 வந்தது, அதுவும் நாம் யோசித்த இரண்டில் ஒன்று. மூன்றும் ஒத்துப்போனதால் நம்பிக்கை வருகிறது. ஒருவேளை காபி வட்டத்தில் மிச்சம் 6 என்று வந்திருந்தால், அந்த வளைவு 6 ஆக இருக்க முடியாது என்பதால், ‘தெளிவாக’ப் படித்ததாக நினைத்த ஏதோ ஒன்று தவறு என்று புரிந்திருக்கும். மிச்சம் கழித்தல் எண்ணாக வந்தாலும் அதே அர்த்தம்தான்.

இன்னொரு சாட்சி மலையிலிருந்தே கிடைத்தது. சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில்தான் மிளகுக் கொடியை ஏற்றிவிடுகிறார்கள். காபி இருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் மிளகும் இருக்கும். அதனால் காபியும் மிளகும் சேரும் பகுதி பெரிதாகவும், மிளகு மட்டும் உள்ள பகுதி மிகச் சிறிதாகவும் இருப்பது இயல்பு. 23-க்குப் பக்கத்தில் 1 இருப்பது ஊருக்குப் பொருந்துகிறது. இதை வைத்து எண்ணைத் தீர்மானிக்கக் கூடாது, ஆனால் தீர்மானித்த எண்ணை இதோடு ஒட்டிப் பார்க்கலாம்.

மொத்தம் மட்டும் போதும் என்றால்

எல்லா ஓட்டையும் நிரம்பாத போட்டோவும் வரும். 17-உம் படிக்க முடியாமல் போயிருந்தால் காபி வட்டத்தில் இரண்டு ஓட்டை ஆகிவிடும். அப்போதும் மொத்தம் தப்பிவிடும். காபி வட்டத்தை உடைக்காமல் முழுதாக 60 என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வெளியே என்ன மிஞ்சுகிறது? மிளகு வட்டத்தில் காபிக்கு வெளியே இருப்பது 36 − (23 + 12) = 1. அது ‘மிளகு மட்டும்’ பகுதியிலா, மிளகு–ஆரஞ்சு பகுதியிலா என்பது நமக்குத் தேவையே இல்லை. பிறகு ஆரஞ்சு மட்டும் 5. ஆக 60 + 1 + 5 = 66. மூன்று வட்டங்களில் ஏதாவது ஒன்றுக்குள்ளாவது இருப்பவை 66 வீடுகள். மறைந்துபோன எண் எதையும் தொடவில்லை.

முழு வழியில் வந்தாலும் இதேதான்: 17 + 1 + 5 + 23 + 8 + 0 + 12 = 66. ஒவ்வொரு பகுதியும் ஒரே ஒரு முறை.

பாடப்புத்தக வாய்பாட்டில் போட்டுப் பார்க்க அவள் ஆசைப்பட்டாள். A காபி, B மிளகு, C ஆரஞ்சு. முழு வெட்டுகள் காபி–மிளகு 23 + 12 = 35, காபி–ஆரஞ்சு 8 + 12 = 20, மிளகு–ஆரஞ்சு 0 + 12 = 12.

```
n(A∪B∪C) = n(A) + n(B) + n(C) − n(A∩B) − n(A∩C) − n(B∩C) + n(A∩B∩C)
         = 60 + 36 + 25 − 35 − 20 − 12 + 12
         = 66
```

அவள் முதலில் சொன்ன 121 இங்கே முதல் மூன்று எண்களாக நிற்கிறது. அதிலிருந்து 67 போய் 12 திரும்பி வருகிறது. இந்தப் பொருத்தம் கூட்டல், கழித்தல் சரி என்பதைத்தான் காட்டும். எண்ணைத் தவறாகப் படித்திருந்தால் இரண்டு வழியிலும் ஒரே தவறான விடைதான் வரும். அதே எண்களைத்தானே இரண்டிலும் போடுகிறோம்.

வெட்டுப்பட்ட மூலை

66 என்பது ஊரின் மொத்தம் அல்ல. மூன்றில் ஒன்றுகூடப் பயிரிடாத வீடுகள் வட்டத்துக்கு வெளியே, செவ்வகத்துக்குள் இருக்கின்றன. அந்த எண் எழுதியிருந்த மூலைதான் போட்டோவில் இல்லை. வட்டங்களின் எந்த எண்ணை எப்படித் திருப்பிப் போட்டாலும் இது வராது. வட்டங்களுக்கும் வெளியே இருப்பவர்களுக்கும் கணக்கில் தொடர்பே கிடையாது. எல்லோரின் மொத்தமும் தனியாகக் கொடுத்திருந்தால் கழித்து எடுக்கலாம், இல்லாவிட்டால் படத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். 0 என்று வைத்துக்கொள்வது மட்டும் கூடாது.

திங்கட்கிழமை பள்ளியில் மறுபடி போட்டோ எடுக்கச் சொன்னேன். என்ன சொல்லி அனுப்பினேனோ அதையே இங்கேயும் எழுதுகிறேன். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் எடு. போன் சார்ட்டுக்கு நேர் எதிரே இருக்கட்டும், சாய்க்காதே. செவ்வகத்தின் நான்கு மூலையும் தெரிய ஒரு படம், நடுப்பகுதி மட்டும் கிட்டத்தில் இன்னொரு படம். நடுப்பகுதிதான் மிகச் சிறியது, அங்கேதான் எண்ணை நெருக்கி எழுதுவார்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், ஆகவே டாக்குமெண்டாக அனுப்பு.

படம் வந்தது. மூலையில் 4. வெள்ளைப் பட்டை இருந்த இடத்தில் நன்றாகவே 8. மிளகு மட்டும் உள்ள இடத்தில், கொக்கியோடு ஆனால் சந்தேகமில்லாமல், 1. பக்கத்தில் அவள் எழுதிய தேதியில் ஒரு 7 இருந்தது. அவள் 7-க்கு இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு போடுகிற வழக்கம் உள்ளவள். முதல் படத்தில் தேதியைச் சேர்த்து எடுத்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். சந்தேகமான எண் வந்தால் அதே கையால் எழுதிய வேறு எண்களைத் தேடிப் பார்ப்பது எனக்கு அதற்குப் பிறகு பழக்கமாகிவிட்டது.

66 + 4 = 70.

வட்ட மொத்தங்களைச் செலவழித்துவிட்டோம் என்று சொன்னேன் இல்லையா? அதனால் படத்துக்கு வெளியே இருந்து ஒரு எண் வேண்டியிருந்தது. வீடு வீடாக எழுதிய தாள்களை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, “71 இருக்கு சார்” என்றாள். எங்கேயோ ஒன்று தவறிவிட்டது என்று பயந்துவிட்டாள். ஒவ்வொரு தாளாகப் புரட்டியபோது ஒன்றில் வீட்டு எண் மட்டும் எழுதியிருந்தது. இரண்டு முறை போயும் பூட்டியிருந்த வீடாம்.

“அப்போ அதையும் வெளியே இருக்கிற நாலோட சேர்த்து அஞ்சுன்னு போட்டுடவா சார்?”

வேண்டாம் என்றேன். அந்த மூலையில் இருக்கும் நான்கு பேர் கேட்டபோது ‘மூன்றும் இல்லை’ என்று பதில் சொன்னவர்கள். பூட்டிய வீட்டுக்காரரிடம் யாரும் கேட்கவே இல்லை. அவர் காபித் தோட்டத்துக்கே போயிருக்கலாம். அவருக்கு அந்தச் செவ்வகத்துக்குள் இடம் கிடையாது. சார்ட்டின் அடியில், செவ்வகத்துக்கு வெளியே, ‘ஒரு வீடு பூட்டியிருந்தது’ என்று சின்னதாக எழுதிவைத்தாள்.